ஒரு தாளில் அடங்கிய வாதம்

நீதிமன்ற வாதம் என்றதும் நம்மவர் மனக்கண்முன் வந்து நிற்பது 1952-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பராசக்தி' படத்தின் நீதிமன்றக் காட்சிதான். கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தைச் சிவாஜி கணேசன் முழங்க, நீதிபதி வாய்மூடிக் கேட்டிருப்பார். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு அலுப்பதில்லை. ஆயினும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் போய் உட்காருகிறவர், இங்கே ஒருவரும் வாதாடவே இல்லையே என்று ஏமாற்றத்தோடு எழுந்து வருவார். மேல்முறையீட்டு வாதம் முழக்கம் அன்று. அது கேள்விக்குப் பதில். பேசுவதைக் காட்டிலும் மறித்துக் கேட்பதே அங்கு நீதிபதியின் வழக்கம். மறித்துக் கேட்கும்போது என்ன பதில் வருகிறது என்பதில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும்.

இதை நாம் நேரில் கண்டது 2023-ஆம் ஆண்டில், ஹைதராபாத்தில். மூசி நதியின் தென்கரையில், நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் காலத்தில் கட்டப்பெற்று 1920-இல் திறக்கப்பெற்ற பெரிய கட்டடத்தில் தெலங்கானா உயர் நீதிமன்றம் நடைபெற்று வந்தது. நம் சங்கத்தின் வழியாக அறிமுகமான ஓர் அம்மையாரின் வழக்கு அன்று விசாரணைக்கு வந்தது. அவருக்குத் தமிழ் ஒன்றே தெரியும். வழக்கறிஞருக்குத் தெலுங்கும் ஆங்கிலமும். அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நடவடிக்கை ஆங்கிலத்தில் நடப்பது. ஆகவே மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது; விடுப்பு எடுத்துக்கொண்டு நாம் சென்றோம். ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு அது சற்றே சங்கடமான இடந்தான். ஏனெனில் எதிர்க்கட்சி ரயில்வே.

வழக்கு இதுதான். அம்மையாரின் கணவர் இங்கே கட்டட வேலை பார்த்தவர். 2014-இல் ஒரு நாள் இரவு, பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்காகச் சென்னை செல்லும் வண்டியில் பொதுப்பெட்டியில் ஏறினார். மறுநாள் காலை, இருப்புப்பாதையைச் சோதித்துக்கொண்டே நடந்து வந்த கீமேன் ஒருவர், பாதையோரத்தில் அவர் உடலைக் கண்டார். சட்டைப் பையில் சிறிது பணமும் உடைந்த கைபேசியும் இருந்தன. டிக்கெட் இல்லை. டிக்கெட் இல்லாதவர் பயணி ஆகார். அவர் விழுந்ததைப் பார்த்தவரும் இல்லை என்று சொல்லித் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளிவிட்டது. அதன்மேல் உயர் நீதிமன்றத்தில் அப்பீல்.

பெரிய வக்கீல் அன்று வேறொரு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டார். அவரிடம் தொழில் பழகும் இளம்பெண் ஒருவர் எழுந்து நின்றார். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. மற்றோரிடத்தில் இப்படி நேர்ந்தால் ஜூனியர் தவணை கேட்பதே வழக்கம். "நீங்களே வாதாடுகிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். "ஆம், ஐயா. ஆயத்தமாக இருக்கிறேன்" என்றார் அவர். நம் அருகில் இருந்த அம்மையார் நம் கையைப் பற்றிக்கொண்டார். ஒன்பது ஆண்டுகளாகக் காத்திருந்த வழக்கு ஒரு சிறு பெண்ணின் கையில் போயிற்றே என்ற கலக்கம்.

அந்தப் பெண்ணின் கையில் இருந்தது ஒரே தாள். விசாரணைக்கு முன் தாழ்வாரத்தில் நின்றபோது அதை நாம் பார்த்தோம். அதில் ஐந்தே வரிகள். முதல் வரி: நான் யாருக்காக வந்திருக்கிறேன், எந்த உத்தரவை எதிர்க்கிறேன். இரண்டாவது: தீர்க்க வேண்டிய கேள்வி என்ன, ஒரே வாக்கியத்தில். மூன்றாவது: நடந்தது என்ன, மூன்று வாக்கியத்தில். நான்காவது: உத்தரவு தவறு என்பதற்கு இரண்டு காரணங்கள். ஐந்தாவது: நான் வேண்டுவது என்ன. ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஆவணக் கட்டின் பக்க எண் குறித்திருந்தது. "இரண்டு காரணம் போதுமா அம்மா? அப்பீல் மனுவில் பதினோரு காரணம் எழுதியிருக்கிறதே" என்று கேட்டோம். "பதினொன்றையும் சொன்னால், எதை நம்பி நிற்கிறேன் என்று நீதிபதிக்குத் தெரியாமல் போய்விடும் சார். பலவீனமான காரணத்தில் முதல் கேள்வி விழுந்துவிட்டால், நல்ல காரணத்துக்கு வந்து சேருவதற்குள் நேரம் போய்விடும்" என்றார்.

அதன் பொருள் சற்று நேரத்தில் விளங்கியது. நம் வழக்குக்கு முன்பு வேறொரு வழக்கில் ஓர் இளைஞர் எழுந்து, எழுதி வந்ததை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். இடையில் நீதிபதி ஒரு தேதியைக் கேட்டார். "அதற்குப் பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் தொடர்ந்து படித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கேள்வி எழுந்த கணத்தில் நீதிபதியின் மனம் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பதில் வராத வரையில் பிறகு சொல்வது எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. பேனா ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்தாலே வாதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடலாம்.

நம் வழக்கில் அந்தப் பெண் முதல் வரியைச் சொன்னார். இரண்டாம் வரியில், "இறந்தவர் டிக்கெட் பெற்ற பயணியா, அவர் ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தாரா என்பதே கேள்வி" என்றார். மூன்றாம் வரிக்கு வருவதற்குள் முதல் அம்பு வந்தது.

"டிக்கெட் எங்கே?"

"கிடைக்கவில்லை, ஐயா" என்று முதலில் சொன்னார். அதற்குப் பிறகே விளக்கம். "டிக்கெட் கிடைக்காத ஒன்றினாலேயே அவர் பயணி அல்லர் என்று கொள்ளக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டில் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மனுதாரர் உரிய விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தந்தால் அவருடைய முதற்சுமை தீர்ந்தது. பிறகு மறுக்க வேண்டிய சுமை ரயில்வேயுடையது."

நீதிபதி விடவில்லை. "பாதையோரத்தில் உடல் கிடந்தாலே போதும் என்று அந்தத் தீர்ப்புச் சொல்கிறதா?"

நாமாக இருந்தால் இந்த இடத்தில் தடுமாறியிருப்போம். 'ஆம்' என்று சொல்ல ஆசை வரும் இடம் அது. அந்தப் பெண், "இல்லை, ஐயா. அது மட்டும் போதாது என்றுதான் அதே தீர்ப்புச் சொல்கிறது. எங்களிடம் அதற்கு மேலும் இருக்கிறது, பக்கம் 31" என்றார். நீதிபதி பக்கத்தைப் புரட்டினார். உடன் வேலை செய்த நண்பர் ஒருவரின் வாக்குமூலம் அது. நிலையத்துக்குக் கூடப் போனேன், வரிசையில் நின்று அவர் டிக்கெட் வாங்கினார், பொதுப்பெட்டியில் ஏற்றிவிட்டு வந்தேன் என்று அவர் சொல்லியிருந்தார். தனக்கு எதிரான பகுதியைத் தானே ஒப்புக்கொண்ட பிறகு, சாதகமான பகுதியை நீதிபதி ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறார் என்பதை அங்கே கண்டோம்.

இங்கே நம் தொழிலறிவிலிருந்து ஒரு வார்த்தை. முன்பதிவு டிக்கெட்டில் பெயர் உண்டு. பொதுப்பெட்டி டிக்கெட்டில் இல்லை. அதில் உள்ளவை எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், கொடுத்த நேரம், கட்டணம் போன்றவையே. எண் தெரிந்தால் அந்த டிக்கெட் உண்மையில் விற்கப்பட்டதா என்று ரயில்வே பதிவில் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் அன்றிரவு விற்ற ஆயிரக்கணக்கான டிக்கெட்டுகளில் எது அவருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவேதான் பார்த்த மனிதனின் சாட்சியம் இத்தகைய வழக்குகளில் உயிர்நாடி ஆகிறது.

"நண்பர்தானே? நண்பர் நண்பருக்காகச் சொல்லமாட்டாரா?" என்றார் நீதிபதி.

"சொல்லக்கூடும், ஐயா. ஆனால் குறுக்கு விசாரணையில் டிக்கெட் எண் தெரியுமா என்று மட்டுமே அவரிடம் கேட்டார்கள். நீர் நிலையத்துக்கே போகவில்லை என்று ஒரு முறைகூடச் சொல்லிக் கேட்கவில்லை. பக்கம் 44." நட்பைப் பற்றியோ ஏழையின் நேர்மையைப் பற்றியோ அவர் பேசவில்லை. கேட்கப்படாத கேள்வியைச் சுட்டிக்காட்டினார். நீதிபதி ரயில்வே வழக்கறிஞர் பக்கம் திரும்பி, "ஏன் கேட்கவில்லை?" என்றார். நீதிபதியின் கேள்வி எதிர்ப்பக்கம் திரும்புவது நல்ல அறிகுறி என்று பின்னர் தெரிந்துகொண்டோம்.

ரயில்வே வழக்கறிஞர் திறமையானவர். "கோட்ட மேலாளர் அறிக்கையைப் பாருங்கள். பாதையைக் கடக்கும்போது வண்டி மோதியிருக்கலாம் என்று இருக்கிறது" என்றார். இத்தகைய வழக்குகளில் ரயில்வேயின் வலிமையான மறுப்பு இதுதான். வண்டியிலிருந்து விழுந்தவருக்கு இழப்பீடு உண்டு. அனுமதியின்றிப் பாதையைக் கடந்து அடிபட்டவருக்கு இந்தச் சட்டப்பிரிவின்கீழ் இல்லை.

நீதிபதி கேட்டார்: "விழுந்தாரா, மோதுண்டாரா?"

"அறிக்கையில் 'இருக்கலாம்' என்றுதான் உள்ளது, பார்த்தவர் எவரும் அதில் இல்லை. உடல் தண்டவாளங்களுக்கு வெளியே சரளைச் சரிவில் கிடந்ததாக விசாரணை அறிக்கை, பக்கம் 52. தலையிலும் இடது தோளிலும் எலும்பு முறிவு. உறுப்பு எதுவும் துண்டாகவில்லை என்று பிரேதப் பரிசோதனை, பக்கம் 57. விழுந்ததால் ஏற்பட்ட காயமென்று மருத்துவர் எழுதவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரும் வீடும் இல்லாத அந்த இடத்தில், ஊருக்குப் போக வண்டி ஏறியவர், அதே பாதையில், அதே இரவில் கிடந்தார்."

"பொதுப்பெட்டி வண்டியின் முன்புறமா, பின்புறமா?"

இதற்கு விடை நமக்குத் தெரியும் போல இருந்தது. எழுந்து சொல்லிவிடலாமா என்றுகூட நாக்குத் துடித்தது. அந்தப் பெண், "ஆவணத்தில் இல்லை, ஐயா" என்று மூன்றே சொல்லில் முடித்தார். நீதிபதி தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். மேல்முறையீட்டில் கட்டில் இருப்பதைக் கொண்டே பேச வேண்டும். தெரிந்தது போல ஊகத்தைச் சொல்லி, எதிரி அதைத் தகர்த்துவிட்டால், அதுவரை சொன்ன உண்மைகளும் சேர்ந்து ஆட்டங்காணும் என்று பிறகு விளக்கினார்.

அடுத்து வந்தது எல்லாவற்றிலும் கடுமையான கேள்வி. "பயணி என்ற விஷயத்தில் நான் உங்களுக்கு எதிராக முடிவு செய்தால், உங்கள் அப்பீலில் மிச்சம் ஏதேனும் உண்டா?"

"இல்லை, ஐயா. அப்பீல் விழுந்துவிடும்."

நாம் திடுக்கிட்டோம். ஆனால் அதுதான் சட்டம். பயணியாக இல்லாதவருக்கு ரயில்வே சட்டம் 124-அ பிரிவு உதவாது. உண்டு என்று இழுத்திருந்தால் நீதிபதி அவரை நம்புவதை அத்தோடு நிறுத்தியிருப்பார். அவர் அப்படிச் சொன்னதால் மீதமிருந்த நேரமெல்லாம் நிற்க வேண்டிய ஒரே இடத்தில் நின்றது.

"வாசலில் நின்றுகொண்டு போனாராம். தானே தேடிக்கொண்டது அல்லவா?"

இதற்குத்தான் நான்காம் வரியின் இரண்டாவது காரணம். அந்தப் பிரிவில் இழப்பீடு மறுக்கப்படும் சந்தர்ப்பங்கள் ஐந்தே: தற்கொலை, தானே விளைவித்துக்கொண்ட காயம், தன் குற்றச்செயல், போதை அல்லது சித்தப்பிரமை, இயற்கையான நோய். "தானே விளைவித்துக்கொண்டது என்பதற்கு அந்த எண்ணம் வேண்டும், ஐயா, கவனக்குறைவு அதில் அடங்காது. ரீனா தேவி தீர்ப்பே அதையும் சொல்கிறது. இந்தப் பொறுப்பில் ரயில்வேயின் தவறும் பார்க்கப்படுவதில்லை, பயணியின் கவனக்குறைவும் பார்க்கப்படுவதில்லை. 2008-இல் பிரபாகரன் விஜயகுமார் வழக்கில், ஏற முயன்று விழுந்தவருக்குக்கூட இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது" என்றார். தீர்ப்பின் பக்கங்களை அவர் படிக்கவில்லை. தீர்ப்பின் முடிவு என்ன, அது இங்கே எப்படிப் பொருந்துகிறது என்று இரண்டு வாக்கியம். கேட்டால் காட்டுவதற்கு நகல் கையில்.

கடைசிக் கேள்வி தொகை. "விபத்து நடந்தபோது 4 லட்சம். 2017 ஜனவரி 1 முதல் 8 லட்சம். எதைக் கேட்கிறீர்கள்?"

"விபத்துத் தேதியில் இருந்த தொகையும் அதன் வட்டியும் ஒரு பக்கம், உத்தரவுத் தேதியில் உள்ள தொகை மறுபக்கம். இரண்டில் எது அதிகமோ அது. 4 லட்சத்துக்கு ஒன்பது ஆண்டுக்கு 6 வீத வட்டி 2 லட்சத்து 16 ஆயிரம். ஆக 6 லட்சத்து 16 ஆயிரம். 9 வீதம் என்று கொண்டாலும் 7 லட்சத்து 24 ஆயிரந்தான். ஆகவே 8 லட்சம் கேட்கிறேன்."

"8 லட்சத்துக்கும் விபத்து நாளிலிருந்து வட்டி?"

"இல்லை, ஐயா. இரண்டும் சேர்த்துக் கேட்க முடியாது."

கணக்கைத் தாளின் ஓரத்தில் முன்பே போட்டு வைத்திருந்தார். இந்த இடத்தில் விரல்விட்டு எண்ணுகிறவர்களை நாம் அன்று காலையே பார்த்திருந்தோம்.

கடிகாரத்தைப் பார்த்தோம். எழுந்து நின்றதிலிருந்து பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அதில் அவர் தாமாகப் பேசியது பாதிகூட இராது. நீதிபதி அங்கேயே உத்தரவைச் சொல்லத் தொடங்கினார். அப்பீல் ஏற்கப்பட்டது, 8 லட்சம், அதில் ஒரு பகுதி பிள்ளைகள் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும், குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டி.

தமிழில் சொன்னோம். அம்மையார் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தைகூடச் சத்தமாப் பேசலையே தம்பி. பாதிக்கு மேலே 'இல்லை, இல்லை'ன்னுதானே சொல்லிக்கிட்டு இருந்துச்சு? எப்படி ஜெயிச்சுது?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அவருக்கு நாம் தந்த பதிலின் விரிவுதான்.

எல்லா வழக்கும் இப்படி முடியும் என்று எண்ணிவிடலாகாது. நண்பரின் வாக்குமூலம் என்ற அந்த ஒரு தாள் கட்டில் இல்லாதிருந்தால், எத்தனை நயமான பதிலும் இந்த வழக்கைக் காப்பாற்றியிராது. வாதம் ஆவணத்தை உண்டாக்க முடியாது. இருப்பதை உரிய கணத்தில் எடுத்து வைக்கத்தான் முடியும்.

ஆகவே இரண்டு செய்திகளை நேயர்கள் குறித்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். பொதுப்பெட்டியில் ஊருக்குப் புறப்படுகிறவர் டிக்கெட்டைக் கைபேசியில் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்பிவிட்டு ஏறட்டும். எண் வீட்டில் இருந்தால் சாட்சி வீட்டில் இருக்கிறது என்று பொருள். தீங்கு நேர்ந்துவிட்டால், தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டே தவணை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. ஏற்றிவிட வந்தவர் எவர், வரிசையில் உடன் நின்றவர் எவர் என்பதை அந்த வாரத்திலேயே எழுதி வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் "பக்கம் 31" என்று சொல்வதற்கு அந்தப் பக்கம் இருந்தாக வேண்டும் அல்லவா?